சளிப் பிடித்த குழந்தையின் மூச்சை எண்ணுவது எப்படி?

ஐப்பசி மழை தொடங்கி தை உறைபனி விலகும் வரை, கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளில் இருமல் இல்லாத குழந்தை குறைவு. யாருக்கு வெறும் சளி, யாருக்கு நிமோனியாவாக இருக்கலாம் என்று பிரிக்க ஸ்டெதஸ்கோப் வேண்டியதில்லை. ஒரு நிமிட எண்ணிக்கையும் நெஞ்சின் அடிப்பகுதியைப் பார்ப்பதும் போதும். எளிய வேலைதான், ஆனால் தப்பாகச் செய்வதும் எளிது.

இந்த மலையில் முதல் தடை துணி. குல்லா, இரண்டு ஸ்வெட்டர், மேலே சால்வை என்று சுற்றியிருக்கும் குழந்தையின் மூச்சை யாராலும் எண்ண முடியாது. கதவைத் திறந்து குளிரில் துணியைக் கழற்றினால் குழந்தை அழும், அழுதால் எண்ணிக்கை ஏறும். அதனால் அம்மா மடியிலேயே வைத்து, வயிறும் நெஞ்சின் அடிப்பாதியும் தெரியும் அளவுக்கு மட்டும் சட்டையை உயர்த்துகிறோம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். மூடுபனி நாளில் டார்ச்சைச் சுவர் பக்கம் திருப்பி வைக்கலாம். பால் குடிக்கும்போது எண்ணக் கூடாது. அழுகிற குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொல்லி, குடித்து அடங்கிய பிறகு எண்ணலாம். தூங்கும்போது எண்ணுவது இன்னும் நல்லது.

போனில் 60 வினாடிக்கு டைமர் வைத்து, மணி அடிக்கும் வரை கண்ணை வயிற்றிலிருந்து எடுக்கக் கூடாது. வயிறு ஒரு முறை எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது கூடாது. கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, சில வினாடி விரையும், சில வினாடி தளரும். இன்னொரு சிக்கலும் உண்டு: 'நாற்பத்தேழு' என்று மனதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். ஒன்றிலிருந்து பத்து வரை திரும்பத் திரும்ப எண்ணி, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு விரலை மடக்கினால் தப்பாது.

வேகமான மூச்சு என்பது வயதைப் பொறுத்தது. இரண்டு மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல். இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது வரை 50. ஒரு வயது முடிந்து ஐந்து வயது வரை 40. ஒரு உதாரணம் பார்ப்போம். "பாப்பாவுக்குப் பதினோரு மாசம் நடக்குதுக்கா" என்கிறார் அம்மா. குழந்தை சிணுங்கும்போது எண்ணியது 52, பால் குடித்து அடங்கிய பிறகு 46. பதினோரு மாதம் என்றால் 46 அளவுக்குள்தான். தடுப்பூசி அட்டையைப் பார்த்தால், ஒரு வயது முடிந்து ஐந்து நாள் ஆகியிருக்கிறது. அதே 46 இப்போது வேகமான மூச்சு. அதனால் எண்ணும் முன்பே அட்டையைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். இரண்டு மாதத்துக்குள்ளான குழந்தைக்கு 60-ஐத் தொட்டால் மறுபடி ஒரு முறை எண்ணி, அப்போதும் அப்படியே என்றால் தாமதமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்தது நெஞ்சு உள்ளிழுத்தல். சாதாரணமாக மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து எழும். நுரையீரல் விறைத்துப்போனால் காற்றை இழுக்கக் குழந்தை பாடுபடுகிறது. வயிறு மேலே வரும் அதே நொடியில் கடைசி விலா எலும்புகள் உள்ளே போகும். விலாக்களுக்கு நடுவில் உள்ள சதை மட்டும் குழிவது இதில் சேராது. இடுப்பை மடக்கி உட்கார்ந்திருந்தால் சரியாகத் தெரியாது. மடியில் நேராகப் படுக்க வைத்து மறுபடி பார்க்க வேண்டும். மூக்கு அடைத்திருந்தாலும் உள்ளிழுக்கும். அதனால் மூக்கைச் சுத்தம் செய்து, குழந்தை அமைதியான பிறகும் ஒவ்வொரு மூச்சிலும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் நெஞ்சு மெல்லியது, லேசாக உள்ளே போவது இயல்பு; ஆழமாகவும் எளிதில் தெரியும்படியும் போனால்தான் ஆபத்து.

வேகம் குறைந்துவிட்டதே என்று நிம்மதி அடையக் கூடாத நிலை ஒன்று உண்டு. நெஞ்சு உள்ளிழுத்தபடி இருக்க, எண்ணிக்கை மட்டும் இறங்கி, குழந்தை துவண்டால் அது களைத்துவிட்டது என்று பொருள். வீசிங், கடும் காய்ச்சல், ரத்தசோகை இருந்தாலும் மூச்சு வேகமாகும்; எது காரணம் என்று இந்த எண்ணிக்கை சொல்லாது. டாக்டர் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லும்.

இரண்டு மாதம் முடிந்த குழந்தைக்கு வேகமான மூச்சு மட்டும் இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். நெஞ்சு உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ, இதில் ஒன்று இருந்தாலே 108-ஐக் கூப்பிட வேண்டும். காலை முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. போகும் வழியில் போர்த்திக்கொண்டு, குடிக்க முடிந்தால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போகலாம். மிச்சமிருக்கும் பழைய ஆன்டிபயாடிக் மருந்தும், தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப்பும் வேண்டாம். அட்டையின் ஓரத்தில் 'மாலை 5.20, மூச்சு 46, பால் குடித்த பின், நெஞ்சு இழுக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தனுப்பினால், அங்கே மறுபடி எண்ணும்போது கூடியதா குறைந்ததா என்று தெரியும்.