அம்மாவின் பல் செற்: கடி அளவில் விட்ட பிழை

அம்மாவுக்கு மேலும் கீழும் முழுப் பல் செற் கட்டும் வேலை ஒரு வழியாக மெழுகுப் பல் வைத்துப் பார்க்கும் கட்டம் வரை வந்து சரியாகியிருக்கிறது. ஐந்து தடவையில் முடிய வேண்டிய பயணம் ஏழாகப் போகிறது. ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம், அங்கிருந்து பஸ் மாறிக் கிளிநொச்சி. 74 வயதுக்காரரை ஒவ்வொரு முறையும் விடிய எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவது எப்படி என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

முதல் பயணமே வீண். அம்மா பழைய செற்றைப் போட்டுக்கொண்டே வந்துவிட்டார். 14 வருசமாகப் போட்ட செற், பற்கள் தேய்ந்து தட்டையாகி விட்டன. கழற்றிப் பார்த்தால் மேல் முரசு சிவந்து வீங்கியிருந்தது. வீங்கிய முரசில் அச்சு எடுத்தால் வீக்கத்துக்குத்தான் செற் பொருந்தும், வீக்கம் வற்றியதும் ஆடும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆனால் நாள் குறிக்கும்போதே, “பழைய செற்றைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கோ” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் குறித்துவிட்டு, அதுவரை போட வேண்டாம் என்றார்கள். அம்மா கஞ்சியும் குழைந்த சோறுமாகச் சமாளித்தார்.

அச்சு எடுப்பதில் பிரச்சினை இல்லை. முதல் அச்சை வைத்து அம்மாவின் வாய்க்கென்றே ஒரு தட்டுச் செய்து, அடுத்த தடவை அதன் விளிம்பில் பச்சை மெழுகுக் குச்சியை உருக்கி ஒட்டி, கன்னத்தையும் உதட்டையும் இழுத்து அசைத்து விளிம்பைப் பிடித்தார்கள். பிறகு கராம்பு மணக்கும் பசையில் கடைசி அச்சு. அந்தப் பசை தோலில் ஒட்டினால் லேசில் போகாது. உதட்டைச் சுற்றி வாசலின் பூசச் சொல்லிக் கேளுங்கள்.

பிழை நடந்தது அதற்குப் பிறகு, கடி அளவு எடுத்த அன்று. வாயில் ஒரு பல்லும் இல்லாதவருக்குத் தாடை எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும், கீழ்த்தாடை முன்பின்னாக எந்த இடத்தில் மூட வேண்டும் என்று காட்ட எதுவுமே இல்லை. அந்த இரண்டையும் மெழுகு வரம்பு வைத்த தட்டுகளைக் கொண்டு டொக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்று வெளியே சனம் நிறைந்திருந்தது. கதிரையை நன்றாகச் சாய்த்துப் படுக்க வைத்து, “கடியுங்கோ” என்றார், அம்மா கடித்தார், மெழுகை ஒட்டி எடுத்தாயிற்று. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கும் அப்போது விளங்கவில்லை, கெதியாக முடிந்ததே என்று சந்தோசப்பட்டேன்.

இரண்டு கிழமை கழித்து மெழுகில் அடுக்கிய பற்களை வாயில் வைத்துப் பார்த்தோம். அம்மாவின் உதடுகள் மூடவில்லை. இழுத்து மூடினால் நாடியில் தோல் சுருங்கியது. கதைத்தால் டக் டக் என்று பல் முட்டியது. வாயைத் தளர்த்தி மூடச் சொன்னால் கீழ்ப்பற்கள் பின்னுக்குப் போய், மேல் முன்பல் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. உதவிக்கு நின்றவர், “முதலில் அப்பிடித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும், சம்மதம் எண்டு கையெழுத்து வையுங்கோ” என்றார். அம்மா பேனையைக் கையில் எடுத்துவிட்டார். “பொறுங்கோ அம்மா” என்று நான் பேனையை வாங்கி வைத்தேன். இந்த முழு அலைச்சலிலும் நான் சரியாகச் செய்த ஒரு காரியம் அதுதான். மெழுகில் இருக்கும் வரைதான் பல்லைக் கழற்றி மாற்றி அடுக்க முடியும். பிளாஸ்டிக்காக வார்த்துவிட்டால் இங்கே அங்கே ராவலாமே தவிர, இவ்வளவு பெரிய கடிப் பிழையைத் திருத்த முடியாது, திரும்பக் கட்டத்தான் வேண்டும்.

வேறு டொக்டர் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து இளம் பெண் டொக்டர் ஒருவர் வந்தார். அவர் செய்ததைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கதிரையை நிமிர்த்தினார். அம்மாவின் மூக்கு நுனியிலும் நாடியிலும் பேனையால் ஒவ்வொரு புள்ளி வைத்தார். “எச்சிலை விழுங்கிப்போட்டு ‘அம்மா’ எண்டு சொல்லி அப்பிடியே விடுங்கோ” என்றார். வாய் தளர்ந்து நின்ற அந்த நிலையில் புள்ளிக்குப் புள்ளி 63 மில்லிமீற்றர். மெழுகுப் பல்லைக் கடித்தபோதும் அதே 63. தளர்ந்திருக்கும்போது மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவில் 2 முதல் 4 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டுமாம். அம்மாவுக்கு அது துளியும் இல்லை. அப்படியே கட்டியிருந்தால் நாள் முழுக்கப் பல்லோடு பல் முட்டி, முரசுக்கு ஓய்வே கிடைத்திருக்காது.

கீழ்த் தட்டில் கடைவாய்ப் பற்களைக் கழற்றி, அந்த இடத்தில் மெழுகு வரம்பு கட்டி, கடித்தால் 60 வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். முன்பற்களையும் அதற்கேற்ப இறக்கினார். “சீனிச்சம்பல், சீனிச்சம்பல் எண்டு சொல்லுங்கோ” என்றார். ‘ச’ வரும் இடத்தில் மேலும் கீழும் கிட்ட வர வேண்டும், முட்டக் கூடாது. இந்தத் தடவை டக் சத்தம் வரவில்லை.

அடுத்தது தாடையின் இடம். தேய்ந்த செற்றோடு இத்தனை வருசம் முன்பக்கத்தால் மென்று மென்று அம்மாவுக்குத் தாடையை முன்னே தள்ளிக் கடிக்கிற பழக்கம் வந்திருக்கிறது. வெறுமனே “கடியுங்கோ” என்றால் முன்னே தள்ளித்தான் கடிப்பார். முதல் தடவை நடந்ததும் அதுதான். இந்த டொக்டர் மேல் தட்டில் அண்ணத்தின் பின்பக்கமாக, மிளகளவு மெழுகு உருண்டை ஒன்றை ஒட்டினார். “நாக்கு நுனியால அதைத் தொட்டுக்கொண்டே மெதுவாய் மூடுங்கோ.” நாக்கு பின்னே போனால் தாடையும் கூடவே பின்னே போகிறது. மூடியதும் வரம்பின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறினார். திறந்து திரும்ப மூடினால் மேல்கோடும் கீழ்க்கோடும் நேராக வர வேண்டும். முதல் இரண்டு தடவை விலகியது. அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் இருக்கவிட்டு, திரும்பச் செய்தார். அடுத்து மூன்று தடவை வரிசையாக ஒரே இடத்தில் விழுந்த பிறகுதான் கடியைப் பதிந்து எடுத்தார். முக்கால் மணித்தியாலம் ஆனது.

உங்கள் வீட்டு ஆட்களைக் கூட்டிப் போகிறவர்கள் கடி அளவு எடுக்கும் நாளைக் காலையில் கேட்டு வாங்குங்கள். களைத்த ஆளுக்குத் தாடை தளராது. மெழுகுப் பல் பார்க்கும் நாளில் பழைய படம் ஒன்று கொண்டு போங்கள், பல்லின் நிறத்தை யன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், கடித்துப் பார்க்கச் சொல்லாமல் கதைக்கச் சொல்லுங்கள். பலமாகக் கடித்தால் வாய்ச் சூட்டில் மெழுகு இளகிப் பல் நகரும். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று அம்மா கேட்டார். எங்கள் வெயிலுக்கு மாங்குளம் வருமுன்னரே உருகிவிடும்.

நேற்று இரண்டாம் தடவை வைத்துப் பார்த்தோம். உதடு தானாக மூடியது, கடைவாய் இரண்டு பக்கமும் ஒன்றாக முட்டியது. அம்மா கண்ணாடியைக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “பிள்ளை, இந்த ஓரப் பல்லு ஒண்டைக் கொஞ்சம் திருப்பி விடுறியே, எனக்கு அது எப்பவும் சரிஞ்சுதான் இருந்தது” என்றார். டொக்டர் கத்தியை விளக்கில் சூடாக்கி, மெழுகை இளக்கி, அந்தப் பல்லை ஒரு நூல் அளவு திருப்பி வைத்தார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைத்தோம். வாற புதன் செற்றை எடுக்கப் போக வேண்டும்.