வட்ட மேசைப் புதிருக்கு இரண்டு விடை: காரணம் பிடிபட்டது

கொஞ்ச நாளாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு வட்ட மேசைப் புதிர் நேற்று ராத்திரி ஒரு வழிக்கு வந்தது. இந்திய வங்கித் தேர்வுக்கான ஒரு மாதிரித் தாளின் நகலில் இருந்தது. பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகம் விற்கும் கடைகளில், எப்போதாவது இந்தியாவிலிருந்து வந்த தர்க்கத் திறன் புத்தகம் ஒன்றிரண்டு அகப்படும். அப்படி வாங்கிய ஒன்றுக்குள் இந்தத் தாளை யாரோ மடித்து வைத்திருந்தார்கள். பின்பக்கத்தில் விடைகளும் இருந்தன. பெயர்களை மட்டும் மாற்றிக் கீழே தருகிறேன்.

அமுதா, பாலன், சீதா, தேவா, எழில், குமரன் ஆறு பேரும் வட்ட மேசையைச் சுற்றிச் சம இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பேர் மையத்தைப் பார்க்கிறார்கள், மூன்று பேர் வெளியே பார்க்கிறார்கள். அமுதாவின் இடப்பக்கம் இரண்டாவதாகக் குமரன். குமரனின் வலப்பக்கம் அடுத்தபடியாகப் பாலன். பாலன் உட்கார்ந்திருப்பது அமுதாவுக்கு நேர் எதிர் இடத்தில். பாலனின் வலப்பக்கம் இரண்டாவதாகச் சீதா. எழிலின் இடப்பக்கம் அடுத்தபடியாகப் பாலன். தேவாவின் வலப்பக்கம் அடுத்தபடியாக அமுதா. சீதாவும் தேவாவும் வெவ்வேறு திசையில் பார்க்கிறார்கள்.

இதைப் போடும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். மையத்தைப் பார்ப்பவருக்கு இடப்பக்கம் கடிகாரச் சுற்று, வெளியே பார்ப்பவருக்கு அது தலைகீழ். நான் தாளில் அம்புக்குறி போடுவதை விட்டுவிட்டுக் கேரம் காய்களுக்கு மாறிவிட்டேன். வெள்ளைக் காய் மையத்தைப் பார்ப்பவர், கறுப்புக் காய் வெளியே பார்ப்பவர். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்பது காய் இருப்பதால் எட்டுப் பேர் புதிருக்குக்கூட ஒருவருக்கு வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று எழுதி ஒட்டலாம். திசை மாறினால் அழிக்க வேண்டியதில்லை, காயை மாற்றி வைத்தால் போதும். லெபோ பாசாரில் வாங்கிய மரக்காய்கள் இதற்கு அருமை. பிளாஸ்டிக் காயில் ஒட்டுத்தாள் நிற்பதில்லை, விளிம்பில் உரிந்துவிடுகிறது.

சரி, அமுதாவை வெள்ளையாக முதல் இடத்தில் வைத்துத் தொடங்குவோம். இடங்களைக் கடிகாரச் சுற்றில் எண்ணினால் குமரன் மூன்றில். பாலன் எதிரே, அதாவது நான்கில். அவன் குமரனின் வலப்பக்கம் வர வேண்டுமானால் குமரன் கறுப்பு. எழில் பாலனை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு பக்கம் குமரன் இருப்பதால் எழிலுக்கு ஐந்துதான். அங்கிருந்து பாலன் இடப்பக்கம் என்றால் எழிலும் கறுப்பு. இப்போது கணக்குப் பாருங்கள்: சீதா, தேவா இருவரில் ஒருவர் வெள்ளை, ஒருவர் கறுப்பு. கறுப்பு மூன்று நிறைந்துவிட்டது, எனவே பாலன் வெள்ளை. அவனுக்கு வலப்பக்கம் இரண்டாவது இடம் இரண்டு, அங்கே சீதா. மிச்சமிருக்கும் ஆறில் தேவா. அமுதா அவன் வலப்பக்கம் இருப்பதால் தேவா கறுப்பு, சீதா வெள்ளை. எங்கும் இடறவில்லை. தாளின் பின்பக்க விடையும் இதுவே.

ஆனால் அண்ணன் மகள் இதே புதிரைப் போட்டபோது அமுதாவைக் கறுப்பாக வைத்துத் தொடங்கினாள். குமரன் ஐந்துக்குப் போனான், எழில் மூன்றுக்கு, சீதா ஆறுக்கு, தேவா இரண்டுக்கு. எல்லா நிபந்தனையும் பொருந்தியது. "சித்தப்பா, ரெண்டுமே சரியா வருதே, கேள்விதான் தப்பா?" என்று கேட்டாள். அவளுடைய அமைப்பை நானும் வரி வரியாகச் சரிபார்த்தேன். ஓட்டையே இல்லை.

எல்லோரும் மையத்தைப் பார்க்கும் பழைய வகைப் புதிரில் இந்தச் சிக்கலின் எளிய வடிவம் உண்டு. பக்கத்தில், எதிரில், இருவருக்கு நடுவில் என்று மட்டுமே நிபந்தனைகள் இருந்தால் ஒரு விடையைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி இன்னொரு விடை எடுக்கலாம். அதில் ஓர் இடம் வலம் வந்தால் போதும், கண்ணாடி விடை உடைந்துவிடும். நம் புதிரில் இடம் வலம் ஐந்து வரிகளில் வருகிறது. அப்படியும் ஏன் உடையவில்லை?

காய்களை நகர்த்தும்போதுதான் அது பிடிபட்டது. முதல் விடையைப் பலகையில் அடுக்கி, அமுதாவையும் பாலனையும் அசைக்காமல் இரண்டையும் ஆறையும் மாற்றினேன், மூன்றையும் ஐந்தையும் மாற்றினேன். எல்லோருக்கும் இடம் வலம் புரண்டுவிட்டது. அப்புறம் ஆறு காய்களையும் நிறம் மாற்றினேன். நிறம் மாறினால் இடம் வலம் மறுபடி புரளும். இரண்டு முறை புரண்டது பழைய நிலைக்கே வந்து நின்றது. பலகையில் இருந்தது அண்ணன் மகளின் விடை.

ஆக, இரு திசையும் கலந்த புதிரில் இடம் வலம் எத்தனை வந்தாலும் கண்ணாடி விடையைத் தடுக்காது. ஒரே திசை, வெவ்வேறு திசை என்ற நிபந்தனைகளும் தடுக்காது, ஏனென்றால் எல்லோரும் சேர்ந்துதான் திரும்புகிறார்கள். மூன்றுக்கு மூன்று என்ற வரி பார்ப்பதற்குப் பலமான நிபந்தனை மாதிரி இருக்கிறது. நிறங்களை மொத்தமாக மாற்றினாலும் மூன்றுக்கு மூன்றுதானே! அமுதா வெள்ளை என்றால் ஒரே விடை, கறுப்பு என்றால் அதன் கண்ணாடி விடை. எனவே இந்தப் புதிருக்குச் சரியாக இரண்டு விடை, மூன்றாவது கிடையாது.

இதை உடைக்க, யாராவது ஒருவர் எங்கே பார்க்கிறார் என்று நேராகச் சொல்லும் ஒரு வரி வேண்டும். "சீதா மையத்தைப் பார்க்கிறாள்" என்று சேர்த்தால் முடிந்தது. "அமுதாவிலிருந்து கடிகாரச் சுற்றில் இரண்டாவதாகக் குமரன்" என்றாலும் சரி. எண்ணிக்கையை நான்குக்கு இரண்டு என்று வைத்துப் புதிரைக் கட்டினாலும் கண்ணாடி விடை தானாக விழும், நிறம் மாற்றினால் அது இரண்டுக்கு நான்காகிவிடும். தாள் தயாரித்தவர் அமுதாவை மையம் பார்க்க வைத்தே யோசித்திருக்கிறார், அந்த வரியை மட்டும் அச்சில் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்குக் கோபம் வருவது கீழே இருந்த ஐந்து கேள்விகளைப் பார்த்துத்தான். தேவாவின் வலப்பக்கம் யார், எழிலுக்கு எதிரே யார் மாதிரியான கேள்விகளுக்கு இரண்டு விடையிலும் ஒரே பதில். மையத்தைப் பார்ப்பவர்கள் யார் யார் என்ற கேள்வியில் மட்டும் அமுதா, பாலன், சீதா ஒரு பக்கம், குமரன், எழில், தேவா மறுபக்கம் என்று பிரிந்துவிடுகிறது. முழுக்கச் சரியாக யோசித்த பிள்ளைக்கு மதிப்பெண் போகும், ஏன் போனது என்றும் தெரியாது. தேர்வு எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட புதிரில் நேரடித் திசை வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அந்த ஆளை முதலில் வையுங்கள், தொடக்கத்திலேயே பாதி வேலை குறையும்.

அடுத்து சதுர மேசைக்குப் போகிறேன். மூலையில் இருக்கும் நால்வர் மையத்தைப் பார்க்க, பக்கங்களின் நடுவில் இருக்கும் நால்வர் வெளியே பார்க்கும் வகை. அங்கே நிறத்தை இடமே முடிவு செய்துவிடுவதால் மொத்தமாக மாற்றவே முடியாது. ஓர் இடம் வலம் வரி அங்கே கண்ணாடி விடையை உடைத்துவிட வேண்டும். பலகையில் கோடு போட்டாயிற்று. ஆனால் ஆறு பேர் புதிரில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது: சீதா வரியைச் சேர்த்த பிறகு பழைய நிபந்தனைகளில் எதை எடுத்தால் விடை ஒன்றாகவே நிற்கும் என்று பார்க்க வேண்டும். சீதாவும் தேவாவும் வெவ்வேறு திசை என்ற வரியை எடுத்துவிட்டுத் தொடங்கியிருக்கிறேன்.