ஆறடிப் பாலகனுக்கு ஓர் ஓராட்டு

குடல்வளரி வெடித்து, வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்து, என் நண்பன் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்தான். இரண்டாம் நாள் பார்க்கப் போனேன். முகம் வாடிக் கிடந்தது. தெம்பாக்கலாம் என்று பள்ளிக்கூடக் காலத்துக் கதை ஒன்றை எடுத்துவிட்டேன். சிரித்துவிட்டான். அடுத்த நொடியே இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, "டேய், வேண்டாமடா, தையல்" என்றான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

வயிற்றில் தையல் உள்ளவனுக்கு இருமல், தும்மல், சிரிப்பு மூன்றும் ஒன்றுதான். வயிற்றுத் தசை வெட்டி இழுக்கும். இருமும்போது சின்னத் தலையணை ஒன்றைத் தையலின் மேல் அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீளமாக மூச்சிழுத்து விடும் பயிற்சியும் இருந்தது. நோவுக்குப் பயந்து அவன் மேலோட்டமாகவே மூச்சுவிட்டான். அப்படியே இருந்தால் சளி கட்டும் என்று அதட்டிவிட்டுப் போனார்களாம்.

அன்றிரவு ஒரு பாட்டுக் கட்ட உட்கார்ந்தேன். வெடிச்சிரிப்பு வரக்கூடாது, உதட்டோரம் மட்டும் சிரிக்க வேண்டும். முதலில் கும்மி மெட்டில் போட்டுப் பார்த்தேன். அதன் துள்ளல் சரிவரவில்லை. ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் சிரிப்பைத் தூண்டிவிடுகிறது. அப்புறம் அம்மம்மா பாடிய ஓராட்டு நினைவுக்கு வந்தது. அடி நீளம், நடை மெல்லியது, ஒவ்வொரு அடிக்கும் கடைசியில் 'ஓ' என்று இழுப்பு. அந்த இழுப்பில் அவனும் சேர்ந்து முனகினால் மூச்சும் நீளும். ஆறடி உயர ஆளுக்குத் தாலாட்டு என்பதே போதிய வேடிக்கை.

எதைப் பாடுவது? நோயையும் பாடவில்லை, கத்தியையும் பாடவில்லை. அவனே சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னவற்றை மட்டும் எடுத்தேன். ஒன்று, கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்கள். 'காத்து' விஷயம் மற்றது. வயிற்றைத் திறந்தால் குடல் சில நாள் அசையாமல் கிடக்கும். காற்றுப் பிரிந்தால் அது திரும்ப வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதனால் காலையில் மிஸ்ஸி வந்து கேட்கும் முதல் கேள்வியே அதுதான். மூன்றாம் நாள் காற்றுப் போனதை அவன் பரீட்சை பாஸானதுபோலச் சொன்னான். "இதைப் பாட்டில போடட்டோ?" என்று கேட்டேன். "போடு, ஆனா சத்தமாப் பாடாதை" என்றான்.

ஆராரோ ஆரிவரோ, ஆறடிப் பாலகனோ,
கட்டிலுக்குள் அடங்காத காலிரண்டும் உன் காலோ,
காத்துப் போச்சோ ராசா எண்டு காலமை மிஸ்ஸி கேட்டாவோ,
போச்சு மிஸ்ஸி எண்ட சொல்லில் பூரிச்சுதோ வாட்டெல்லாம்.

பார்வையாளர் நேரத்தில் காதோரம் குனிந்து பாடினேன். அதற்கு முதல் தலையணையை அவன் கையில் கொடுத்துவிட்டேன். மூன்றாம் அடியில் தோள் குலுங்கியது. தலையணையை அழுத்திப் பிடித்தான், நான் அப்படியே நிறுத்தினேன். குலுக்கம் அடங்கியதும் "மிச்சத்தைப் பாடு" என்றான். கடைசி அடிக்குப் பிறகு நான் 'ஓ' என்று இழுக்க, அவனும் இழுத்தான். மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்ததைக் கண்ணால் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் ஐயா, "தம்பி, இன்னொருக்கா. எனக்குச் சரியாக் கேக்கேல்லை" என்றார்.

கூழைப் பற்றியும் இரண்டடி எழுதி வைத்திருந்தேன். அதைப் பாடும் முன் அவனுடைய அக்கா என்னை வாட்டு வாசலுக்குக் கூப்பிட்டாள். "அவனுக்கு இன்னும் தண்ணியே மிடறு கணக்கிலதான் குடுக்கினம். சாப்பாட்டுப் பேச்சு எடுக்காதை" என்றாள். நல்லகாலம், முன்கூட்டியே சொன்னாள். மூன்று நாளாகப் பசித்துக் கிடப்பவனிடம் நண்டுக்கூழைப் பாடியிருந்தால் அது கொடுமை. எழுதிய கடதாசித் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

கஞ்சி குடித்து, பிறகு இடியப்பமும் சொதியும் இறங்கத் தொடங்கிய நாளில்தான் அதை வெளியே எடுத்தேன்.

நண்டு போட்டுக் கூழ் காச்சி நாலு பிளா மடிச்சு வைச்சம்,
நீ வந்து குடிக்குமட்டும் நெருப்பணைய விடமாட்டம்.

கேட்டுவிட்டுப் புருவத்தைச் சுருக்கினான். "பயித்தங்காய் எங்கையடா? பயித்தங்காய் போடாமல் என்ன கூழ்?" மற்ற நாட்களில் மெல்லப் பேசியவனுக்கு அன்று குரல் எழும்பியது. அவனிடமே பேனையைக் கொடுத்தேன். தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் துண்டை வைத்து, முதல் அடியை வெட்டித் திருத்தி எழுதினான்:

நண்டு போட்டு, பயித்தங்காய் நறுக்கிப் போட்டுக் கூழ் காச்சி.