மோதல், கெடு, தோல்வி: நேர்காணலுக்கு மூன்று பதில்கள் தயாரித்த அனுபவம்

இளநிலைத் திட்ட ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு நேர்காணல் என்றால் மூன்று கேள்விகளை எதிர்பார்க்கலாம். வேலையிடத்தில் மோதல் வந்தபோது என்ன செய்தீர்கள், கெடு நெருக்கியபோது எப்படிச் சமாளித்தீர்கள், எதில் தோற்றீர்கள்? சூழல், செயல், விளைவு என்ற வரிசையில் பதில் சொல்ல வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். எதை எவ்வளவு சொல்வது என்பதில்தான் பதில் நிற்கிறது அல்லது விழுகிறது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கட்டட ஒப்பந்ததாரரிடம் தள அலுவலக உதவியாளராக இருந்தேன். என் மதினி கங்கைகொண்டான் சிப்காட்டில் இதே ஒருங்கிணைப்பு வேலையில் இருப்பவர். மோதலுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு கான்கிரீட் தளம் போடுவதற்கு முந்தைய நாளின் கதை. மறுநாள் காலை ஏழு மணிக்கு ரெடிமிக்ஸ் லாரி வருவதாக ஏற்பாடு. மின்குழாய்கள் பதித்து முடியவில்லை. வேண்டுமென்றே தாமதிக்கிறார்கள் என்று மேஸ்திரியும், அவசரப்படுத்துகிறார்கள் என்று எலெக்ட்ரீஷியனும் கத்திக்கொண்டார்கள். "எல்லோரும் உட்கார்ந்து பேசினோம், தீர்ந்துவிட்டது" என்று மதினியிடம் சொல்லி முடித்தேன்.

"இதில் நீ எங்கே இருக்கிறாய், தம்பி?" என்று மதினி கேட்டார். "முதலில் யாரிடம் போனாய்? கையில் என்ன எடுத்துக்கொண்டு போனாய்? அதைச் சொல்."

உட்கார்ந்து யோசித்தபோது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இருவரிடமும் தனித்தனியாகப் போய், அவரவர் கையில் இருந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேஸ்திரியிடம் இருந்தது பழைய வரைபடம். எலெக்ட்ரீஷியனிடம் இருந்தது விளக்குப் புள்ளிகள் இடம் மாறிய திருத்தப்பட்ட வரைபடம். குழாய் வேலை கூடியிருந்த விஷயமே மேஸ்திரிக்குத் தெரியாது. பொறியாளரை அழைத்து எது செல்லுபடியாகும் என்று உறுதி செய்துகொண்டேன். மீதி வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு, ரெடிமிக்ஸ் நிலையத்துக்குப் பேசி லாரியைப் பதினொரு மணிக்கு மாற்றினேன். இவ்வளவும் நான் செய்தவை. செயல் பகுதி முழுக்க இதுதான்.

சூழலை மூன்று வாக்கியங்களில் நிறுத்தினேன். தளம் எத்தனை சதுர அடி, கட்டடம் யாருடையது என்பதெல்லாம் கேட்பவருக்குத் தேவையில்லை. விளைவையும் பெரிதாக்கவில்லை: கான்கிரீட் நான்கு மணி நேரம் தள்ளிப்போனது, தளத்தை உடைத்துக் குழாய் பதிக்கும் வேலை வரவில்லை, அதன்பின் வரைபடம் வாங்குபவர் கையெழுத்திடும் பதிவேடு தொடங்கினோம். மூன்றில் கடைசியே எனக்குப் பிடித்தது. ஒருங்கிணைப்பாளரின் வேலையே அதுதான் என்று நினைக்கிறேன்.

கெடு பற்றிய கேள்விக்கு 2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லலாம் என்று முதலில் தோன்றியது. தாமிரபரணிக் கரையில் யாரும் மறக்காத நாட்கள் அவை. ஆனால் வெள்ளத்தில் வேலை நின்றது என்பது முழுக்கச் சூழல். அதில் என் செயல் மிகக் குறைவு. அதை விட்டுவிட்டு, கேபிள் வரத்து தாமதமாகும் என்று தெரிந்த அன்றே வாடிக்கையாளரிடம் இரண்டு வழிகளை வைத்த கதையை எடுத்தேன். ஒன்று, வேறு விற்பனையாளரிடம் கூடுதல் விலைக்கு வாங்குவது. மற்றொன்று, கீழ்த்தளத்தை மட்டும் சொன்ன தேதியில் ஒப்படைப்பது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

தோல்விக்கு, 'அதிகமாக உழைத்துவிடுவேன்' என்ற ரகப் பதிலை மதினி அடியோடு தடுத்துவிட்டார். உண்மையான இழப்பு இருக்க வேண்டும். ஆனால் நாணயக் குறைவோ பாதுகாப்புக் குறைவோ அதில் இருக்கக் கூடாது. நான் எழுதிய ஒரு கூட்டக் குறிப்பில் 'கேபிள் தட்டு வாங்க வேண்டும்' என்று மட்டும் இருந்தது. யார், எப்போது என்று இல்லை. யாரும் வாங்கவில்லை, இரண்டு நாள் வேலை நின்றது. அதற்குப் பின் என் குறிப்புகளில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் உண்டு.

நேர்காணல் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தேன், நடந்தது நடந்தபடி வந்தது. பிறகு ஒவ்வொரு கதைக்கும் ஐந்தாறு சொற்கள் மட்டும் ஒரு அட்டையில் எழுதி, இரண்டு நிமிடத்துக்குள் சத்தமாகப் பேசிப் பழகினேன். முழு வாக்கியமாக மனப்பாடம் செய்தால் குறுக்குக் கேள்வியில் நூல் அறுந்துவிடும்.

குறுக்குக் கேள்வி வரவே செய்தது. "அந்த மேஸ்திரியை இப்போது அழைத்தால் உங்களைப் பற்றி என்ன சொல்வார்?" என்றார்கள். "நான்கு மணி நேரம் தன் ஆட்கள் சும்மா இருந்ததைத்தான் முதலில் சொல்வார். அந்தக் கூலியை யார் ஏற்பது என்பதையும் அன்று மாலையே முதலாளியிடம் பேசி முடித்தேன்" என்றேன். அடுத்த கேள்வி அந்தக் கூலிக் கணக்கைப் பற்றியதாகவே இருந்தது. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. வேலை கிடைத்தது.