கால்சைட்–அரகோனைட்: படமாகப் படிக்காதீர்கள், கணக்காகப் போடுங்கள் (கேட் ஜியாலஜி)

ரிசல்ட் வந்து மனசு லேசாகிவிட்டது. நாகை, மயிலாடுதுறை, திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து அடுத்து எழுதப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு பகுதியைப் பற்றிச் சொல்கிறேன்: பல்லுருவக் கனிமங்கள். வைரம்–கிராஃபைட் படம் எல்லாருக்கும் தெரியும். மார்க்கைக் கூட்டுவதும் குறைப்பதும் கால்சைட்–அரகோனைட் எல்லைக்கோடுதான். அதை மனப்பாடம் செய்யாமல் கணக்காகப் போட்டுப் பழகுங்கள்.

கால்சைட் அரகோனைட்டாக மாறும்போது மோலார் பருமன் 36.93-லிருந்து 34.15 கன செ.மீ. ஆகச் சுருங்கும்; ΔV = −2.78. என்ட்ரோபி சுமார் 3.7 ஜூல்/கெல்வின் குறையும். 25 டிகிரி, 1 பாரில் அரகோனைட்டின் கிப்ஸ் ஆற்றல் ஏறத்தாழ 1 கிலோஜூல் அதிகம். இவ்வளவு போதும்.

dP/dT = ΔS/ΔV = 1.33. எந்த அலகில்? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஜூலைக் கன செ.மீ.யால் வகுத்தால் மெகாபாஸ்கல் வரும். 1 மெகாபாஸ்கல் 10 பார். ஆக, சரிவு டிகிரிக்கு 13.3 பார். 25 டிகிரியில் சமநிலை அழுத்தம் 1000/2.78 = 360 மெகாபாஸ்கல், அதாவது 3.6 கிலோபார். 300 டிகிரியில் அதோடு 275 × 13.3 பார் சேர்ந்து 7.3 கிலோபார் ஆகும்.

பத்தால் பெருக்க மறந்தால் தெரிந்துவிடும். அந்தத் தப்பான கோட்டின்படி, காவிரிப் படுகையில் சுமார் 2 கி.மீ. ஆழத்துச் சுண்ணாம்புக்கல்லே அரகோனைட்டாக மாறியிருக்க வேண்டும். அப்படி இல்லை.

இப்போது ஆழத்தைப் பாருங்கள். 7.3 கிலோபார் என்றால் சுமார் 26 கி.மீ. சாதாரண நிலப்பகுதியில், கி.மீ.க்கு 25 டிகிரி வீதம், அங்கே வெப்பம் 650 டிகிரி. அந்த வெப்பத்தில் அரகோனைட்டுக்கு ஏறக்குறைய 12 கிலோபார் வேண்டும். எனவே கால்சைட்தான் நிலைக்கும். அதே ஆழத்தில் 300 டிகிரியோ அதற்கும் கீழோ இருக்கிற இடம், கடல்தட்டு குளிர்ச்சியாக உள்ளே அமிழும் மண்டலம். கலிபோர்னியாவின் ஃபிரான்சிஸ்கன் பாறைகளில் அரகோனைட் கிடைப்பது இதனால்தான்.

"அப்போ கோடியக்கரை மட்டி ஓடு?" அதுவும் அரகோனைட்தான்; அழுத்தம் எதுவும் கிடையாது. கடல்நீரிலுள்ள மக்னீசியம் கால்சைட் வளர்வதைத் தடுக்கிறது. ஓட்டிலுள்ள புரதம் எந்தப் படிகம் வளர வேண்டும் என்பதை நடத்துகிறது. நிலையற்ற வடிவம், மாறுவதற்கு வழி கிடைக்காமல் அப்படியே நிற்கிறது. வைரமும் மேற்பரப்பில் அப்படித்தான் நிற்கிறது. ஆனால் மட்டி ஓட்டுக்கு நன்னீர் கிடைத்தால் மெல்லக் கரைந்து கால்சைட்டாகப் படியும். "அரகோனைட் இருந்தால் உயர் அழுத்தம்" என்ற கூற்று உருமாறிய பாறைக்கு மட்டுமே பொருந்தும்.

செய்முறையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் உதவாது, இரண்டும் நுரைக்கும். பொடியைக் கோபால்ட் நைட்ரேட் கரைசலில் சில நிமிடம் கொதிக்க வையுங்கள். அரகோனைட் ஊதாவாகும், கால்சைட் வெளுப்பாகவே இருக்கும். அதிக நேரம் கொதித்தால் கால்சைட்டும் லேசாக நீலம் பிடிக்கும். ஆகவே பெரும்பாலும் கால்சைட்டாலான ஆளி ஓட்டின் பொடியை இன்னொரு குழாயில் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கி ஒப்பிடுங்கள்.