இடக்கண் துடித்த செப்டம்பர்

நான் ஒரு பட்டயக் கணக்காளரின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். வரித் தணிக்கை அறிக்கைகளுக்குச் செப்டம்பர் 30 கெடு என்பதால், அந்த மாதம் முழுவதும் எங்களுக்குத் தூக்கம் குறைவு, காப்பி அதிகம். அப்படியொரு செப்டம்பரில்தான் என் இடக்கண்ணின் கீழிமை துடிக்கத் தொடங்கியது. தோலுக்கடியில் மெல்லிய அலை ஓடுவதுபோல் சில நொடிகள் படபடக்கும், நிற்கும், சற்று நேரத்தில் மறுபடி வரும். எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது. எதிரில் இருந்தவர்களோ உற்றுப் பார்த்தால்தான் கண்டுபிடித்தார்கள்.

பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது நடக்கும் என்று அத்தை மகிழ்ந்தார். எனக்கு நினைவுக்கு வந்தது பெரியப்பாவின் முகம். அவருக்கும் கீழிமைத் துடிப்பில்தான் ஆரம்பித்தது. சில மாதங்களில் கன்னத்துக்கு இறங்கி, கண் மூடும்போதெல்லாம் அந்தப் பக்க வாயோரமும் சேர்ந்து இழுத்தது. உறக்கத்திலும் அது விடவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, மூளைத்தண்டிலிருந்து முக நரம்பு வெளிவரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்துவது தெரிந்தது. இப்போது ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கொள்கிறார். என் துடிப்பும் அந்த வழியில்தான் போகிறதா என்ற பயத்தோடு கண் மருத்துவரிடம் போனேன்.

மருத்துவர் முதலில் கேட்டது, எத்தனை நாளாக என்பதை அல்ல. "துடிப்பு இமையோடு நிற்கிறதா, கன்னத்துக்கோ வாய்க்கோ போகிறதா? துடிக்கும்போது கண் முழுதாக மூடிக்கொள்கிறதா?" என்றுதான் கேட்டார். பிறகு கண்களை இறுக மூடித் திறக்கவும், பல்லைக் காட்டவும், கன்னத்தை உப்பவும் சொல்லி இரு பக்கமும் சமமாக அசைகிறதா என்று பார்த்தார். மேலிமை தொங்குகிறதா என்றும் கவனித்தார். எல்லாம் சரியாக இருந்தன. "இது மயோகிமியா. இமையைச் சுற்றியுள்ள தசையின் சில இழைகள் மட்டும் தாமாகச் சுருங்குகின்றன. ஸ்கேன் தேவையில்லை" என்றார். இரண்டு கண்களும் சேர்ந்து இறுகி மூடிக்கொண்டால் அது பிளெஃபரோஸ்பாஸம் என்னும் வேறு பிரச்சினை என்பதையும் விளக்கினார்.

கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயத்தைத் தொட்டு வைத்து, நீல ஒளியில் பார்த்தார். ஒருமுறை இமைத்த பிறகு கண்ணீர்ப் படலம் பத்து நொடியாவது உடையாமல் இருந்தால் நல்லது. எனக்கு அதற்கு முன்பே உடைந்தது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுவதால் கண் உலர்கிறது, அந்த உறுத்தலும் துடிப்பைத் தூண்டலாம் என்றார். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மெக்னீசியம் மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்டேன். குறைபாடு இருப்பது தெரியாமல் அதை விழுங்குவதால் பலன் கிடைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்றார்.

காப்பியை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டது. திடீரென்று விட்டால் தலைவலியும் சோர்வும் வந்து தூக்கம் இன்னும் கெடும். அதனால் இரவு வேலைக்கான காப்பியை முதலில் விட்டேன், பிறகு மாலைக் காப்பியை. உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு எட்டு மணிக்குக் குடித்தது நள்ளிரவு தாண்டியும் வேலை செய்துகொண்டிருக்கும். தேநீரிலும் கோலா பானங்களிலும் காஃபீன் இருப்பதால், காப்பிக்குப் பதிலாக அவற்றைக் குடிப்பதில் பொருளில்லை. காலைக் காப்பியை மட்டும் வைத்துக்கொண்டேன். அதை விடும்படி அவரும் சொல்லவில்லை.

கெடு முடிந்து தூக்கம் சீரானதும் துடிப்பு இடைவெளி விட்டு, பிறகு நின்றே போனது. தூக்கமா, காப்பியா, சொட்டு மருந்தா, எது நிறுத்தியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்தத் துடிப்பு பெரும்பாலும் தானாகவே அடங்கக்கூடியது என்று மருத்துவரும் சொல்லியிருந்தார்.

மறுபடி வந்தால் கவனிக்க வேண்டியவற்றை அவர் தாளில் எழுதிக் கொடுத்தார். துடிப்பு சில வாரங்களைத் தாண்டி நீடித்தாலோ, ஒவ்வொரு துடிப்பிலும் கண் மூடிக்கொண்டாலோ, கன்னத்துக்கோ வாயோரத்துக்கோ பரவினாலோ, கண் சிவந்து வீங்கினாலோ, மேலிமை தொங்கினாலோ காட்ட வேண்டும். பரவும் துடிப்பை ஒரு நாள் வீடியோ எடுத்துக் கொண்டுவந்தால் நல்லது, ஏனென்றால் மருத்துவர் முன் உட்காரும்போது அது வராமல் போகலாம். திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ கண் மருத்துவருக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.