சாப்பாடு அதேதான், நடை குறைந்துவிட்டது

டயட் தொடங்கியபோது என் எடை 84 கிலோ. அந்த எடையில் நாளுக்குச் சுமார் 2,300 கலோரி செலவாகும் என்று கணக்கிட்டு, 1,800 கலோரி சாப்பிட்டேன். தினமும் 500 கலோரி குறைந்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை இறங்க வேண்டும். முதல் சில வாரங்கள் அப்படியே இறங்கியது. 79-ஐ நெருங்கும்போது வேகம் வாரத்துக்கு 150 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. உடம்பில் நீர் தங்கினாலும் முள் நகராது என்பதால், மேலும் மூன்று நான்கு வாரம் சராசரி பார்த்தேன். அதே 150 கிராம்தான்.

சாப்பாட்டை எடை போட்டுத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உடற்பயிற்சியும் குறையவில்லை. அப்புறம் போனில் இருந்த பழைய ஸ்டெப் கணக்கைத் திறந்தேன். ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரி, வேலை நாள் ஒரு மாதிரி. வாரச் சராசரியைப் பார்த்ததும் படம் தெளிவானது. டயட்டுக்கு முன்னால் சுமார் 9,000. இப்போது 5,500. நடுவில் எந்த வாரத்திலும் பெரிய சரிவு இல்லை, ஒவ்வொரு வாரமும் சில நூறு அடிகளாகக் கழன்றுபோயிருந்தது. போனை மேஜையில் வைத்துவிட்டு நடப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஏமாற்றும். என் போன் முன்பும் பின்பும் சட்டைப் பையில்தான் இருந்தது.

இது எத்தனை கலோரி? சமதரையில் நடந்தால், சும்மா இருக்கும்போது ஆகும் செலவுக்கு மேல் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரைக் கலோரி ஆகும். 80 கிலோ ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 40 கலோரி. 3,500 அடி என்பது சுமார் 2.6 கிலோமீட்டர், அதாவது நூற்றுச் சொச்சம் கலோரி. ஐந்து கிலோ குறைந்த உடம்புக்கே செலவு கம்மி, அதில் இன்னொரு நூறு போகட்டும். 500 கலோரிப் பற்றாக்குறை இப்போது 300. அதற்கு வாரம் 270 கிராமாவது இறங்க வேண்டும். இறங்கியதோ 150.

மிச்சம் எங்கே போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சாப்பாட்டுக் கணக்கிலும் கொஞ்சம் பிசகு இருக்கும். ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் அடி எண்ணிக்கையில் சேராத அசைவுகள் மேல்தான். போன் பேசும்போது உலாத்துவேன், அது நின்றிருந்தது. எழுந்து போய் எடுக்க வேண்டியதை, அடுத்த முறை எழும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டேன். சாப்பாடு குறையும்போது உடம்பு கேட்காமலே செய்யும் சிக்கனம் இது, சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொள்வதில் பயனில்லை. 1944-45இல் மினசோட்டாவில் 36 பேரைப் பல மாதங்கள் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்த ஆய்வில், வாரத்துக்கு 22 மைல் நடை கட்டாயமாக இருந்தது. அவர்களும் மற்ற நேரங்களில் அசையவே மனமில்லாமல் சோர்ந்துபோனார்கள். அதனால் தினமும் ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போகிறேன் என்பது இதற்குப் பதில் ஆகாது; ஜிம் முடிந்த மிச்ச நாளில் கூடுதலாக உட்கார்ந்துவிடவும் வாய்ப்பு இருக்கிறது.

சாப்பாட்டை இன்னும் வெட்டலாமா என்றுதான் முதலில் தோன்றும். வெட்டினால் நடை இன்னும் குறையும் என்று பட்டதால் 1,800-ஐத் தொடவில்லை. வாரச் சராசரி 8,500-க்குக் கீழே போகக் கூடாது என்று மட்டும் வைத்துக்கொண்டேன். 10,000 என்ற எண்ணைத் துரத்த எனக்கு ஆசையில்லை, டயட்டுக்கு முன் என் நடை எவ்வளவோ அதுதான் அளவு. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தாலே குறைந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. சாயங்காலம் மொத்தமாக நடந்துகொள்ளலாம் என்று விட்ட நாட்களில்தான் எண்ணிக்கை விழுந்தது, அந்த நேரத்துக்குள் தெம்பு போய்விடும். கைக்கடிகாரம் காட்டும் ‘எரித்த கலோரி’யை நம்பி அதற்கு ஈடாகச் சாப்பிடுவதில்லை, அதன் பிழையே நான் மீட்க நினைக்கும் நூறு கலோரியைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

இப்போது வாரத்துக்குச் சுமார் 300 கிராம் இறங்குகிறது. பழைய வேகம் வரவில்லை, உடம்பு இலேசாகிவிட்டதால் வரவும் வராது. நடை கூடினால் பசியும் கூடுகிறதா என்பதையும் கவனிக்கிறேன். கூடினால் நடையைக் குறைக்கமாட்டேன். சாப்பாட்டில் நூறு கலோரி சேர்த்துக்கொண்டு, இறங்கும் வேகம் இன்னும் குறையட்டும் என்று விட்டுவிடுவேன்.